வெளிறிய முகத்தில் களை திரும்ப

நோயில் படுத்து எழுந்தவரின் படத்தைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும், "முகம் ரொம்ப டல்லா இருக்கு, கொஞ்சம் பிரைட் பண்ணிக் குடுங்க" என்றுதான் கேட்பார்கள். அப்படியே செய்தால் முகம் இன்னும் வெளிறிப்போகும். அந்த முகத்தில் வெளிச்சம் குறையவில்லை, ரத்தத்தின் நிறம்தான் குறைந்திருக்கிறது.

நம் தோலின் நிறத்துக்கு இரண்டு பொருள்கள் முக்கியம். ஒன்று மெலனின், மற்றது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். காய்ச்சலிலோ அறுவை சிகிச்சையிலோ மெலனின் சட்டென்று மாறிவிடாது. ரத்தம் குறைந்தால் குறைவது ஹீமோகுளோபின். பச்சை, நீல ஒளியை அது நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், சிவப்பை அவ்வளவாகத் தொடாது. அதனால் சோகை பிடித்த தோலிலிருந்து கேமராவுக்கு வரும் சிவப்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், பச்சையும் நீலமும்தான் கூடுதலாக வரும். மாநிறத் தோலில் இது மஞ்சளித்த வெளுப்பாகத் தெரியும். கறுத்த தோலில் சாம்பல் பூத்தது போல இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் திருத்தும் வழியும் தெரிந்துவிடும்: சிவப்பைக் கூட்டக் கூடாது, பச்சையையும் நீலத்தையும் குறைக்க வேண்டும்.

ஒரு நிச்சயதார்த்தப் படம். பெண்ணின் அம்மாவுக்குச் சில வாரங்களுக்கு முன் அறுவை சிகிச்சை நடந்து, ரத்தம் நிறையப் போயிருந்தது. அரக்குப் பட்டுடுத்தி, மல்லிகை வைத்து, மகள் பக்கத்தில் நிற்கிறார். மூக்குத்தி மின்னுகிறது, உதடு வெளுத்துக் கிடக்கிறது. "அம்மாவை வெள்ளையாக்கிடாதீங்கண்ணா, அம்மா மாதிரி இருந்தாப் போதும்" என்றார் படத்தைக் கொடுத்த மகன். இந்த வேலைக்கு இதைவிடத் தெளிவான உத்தரவு கிடையாது. ஸ்டுடியோக்களில் ஆரோக்கியம் என்றாலே சிவந்த மேனி என்று முகத்தை வெளுத்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது ஒருவரின் முகத்தை அவரிடமிருந்தே பறிக்கும் காரியம் என்பேன். அதனால் உடம்பு நன்றாக இருந்தபோது எடுத்த படம் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முகத்தைப் பளிச்சென்று மாற்றும் பியூட்டி மோடில் எடுத்த செல்ஃபி அதற்கு உதவாது. வெயில் நேரடியாக விழாத திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ எடுத்த சாதாரணப் படம் நல்லது.

முகத்தில் கைவைப்பதற்கு முன் விளக்கைச் சந்தேகிக்க வேண்டும். மலிவான எல்இடி விளக்குகள் பலவற்றில் அடர்சிவப்பு ஒளி மிகக் குறைவு. அதன் கீழ் நின்றால் யாருக்கும் சோகை வந்தது போலத்தான் தெரியும். படத்திலுள்ள மற்றவர்களின் முகமும் வெளிறியிருந்தால் குற்றம் விளக்கினுடையது. இதைச் சோதிக்க, வெள்ளை என்று நமக்குத் தெரிந்த பொருள் ஒன்று போதும். பக்கத்தில் நின்ற மாமாவின் வேட்டியில் போட்டோஷாப்பின் அளவுமானியை வைத்தேன். R, G, B மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டிய இடத்தில் 205, 212, 200 என்று வந்தது. பச்சை ஏறியிருக்கிறது. முதலில் படம் முழுவதற்கும் இந்தச் சாயலை எடுத்தாயிற்று. வெளிறலில் ஒரு பகுதி அதிலேயே போய்விட்டது.

மிச்சம் இருப்பதுதான் நோயின் வேலை. கன்னத்தில், பட்டுப்புடவையின் சிவப்பு தெறிக்காத இடமாகப் பார்த்து, ஒரே ஒரு புள்ளியை எடுக்காமல் சுற்றுப்புறத்தின் சராசரியை எடுத்தால் 172, 138, 112. பழைய படத்தில் அதே இடம் 176, 122, 94. இரண்டு படங்களின் வெளிச்சமும் வேறு என்பதால் எண்களை நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது சரியில்லை, எண்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். பழைய படத்தில் சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே 54 இருக்கிறது, புதியதில் 34தான். முகத்திலிருந்து காணாமல் போன களை அந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

Curves அடுக்கு ஒன்று சேர்த்து, Green வளைவில் 138 என்ற இடத்தை 126க்கு இறக்கினேன். Blue வளைவில் 112ஐ 100க்கு இறக்கினேன். சிவப்பைத் தொடவில்லை. கன்னம் 172, 126, 100 ஆகிறது. பழைய அளவை முழுதாகப் பிடிக்காமல் சற்று முன்னாலேயே நின்றது வேண்டுமென்றேதான். ஓய்ந்த கண்களும் ஒட்டிய கன்னமும் அப்படியே இருக்க, நிறம் மட்டும் முழு ஆரோக்கியத்துக்குப் போனால் இரண்டும் ஒட்டாது. இப்படிச் செய்யும்போது முகம் ஒரு துளி கருக்கும். அது பிழையில்லை. ரத்தம் ஓடும் தோல் அப்படித்தான் இருக்கும். அதற்குப் பதில் சிவப்பு வளைவை ஏற்றியிருந்தால் முகம் வெளுப்போடு சிவப்பும் சேர்ந்து ஆரஞ்சுக்குப் போயிருக்கும், நெற்றியின் பளபளப்பில் விவரங்கள் அழிந்திருக்கும்.

இனி, இந்தத் திருத்தம் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. அடுக்கின் மாஸ்க்கைக் கறுப்பாக்கி, விளிம்பு மங்கிய தூரிகையில் Flow 10 வைத்து, வெள்ளையை மெல்ல மெல்லப் பூசிக்கொண்டு வர வேண்டும். முகம் ஒரே நிறமாக இருப்பதில்லை. கன்னம், மூக்கு, காது என்று நடுப்பகுதியில் ரத்தம் மேலே தெரியும். நெற்றி சற்று மஞ்சள் கலந்திருக்கும். கன்னத்துக்கு முழுவதும், நெற்றிக்குப் பாதி, தாடைக்கு அதையும்விடக் குறைவாக. சமமாகப் பூசிவிட்டால் நாடகத்துக்குப் போட்ட அரிதாரம் போல ஆகிவிடும். உதட்டுக்குத் தனி அடுக்கு வைத்து, பச்சையை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். கண்ணின் வெள்ளைக்கும் பல்லுக்கும் நரைமுடிக்கும் திருத்தம் போகக் கூடாது. காதோரத்து நரை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் தூரிகை எல்லை தாண்டியிருக்கிறது என்று பொருள்.

நிறையப் பேர் மறப்பது கழுத்தையும் கையையும். இந்தப் படத்தில் அம்மாவின் வலது கை மகளின் தோளில் இருக்கிறது. முகம் மட்டும் தெளிந்து, விரல்களும் நகங்களும் வெளுத்தே இருந்தால், பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும். விரல் நுனிக்கும் முட்டிக்கும் கன்னத்துக்குக் கொடுத்ததில் பாதி போதும்.

எல்லாப் படத்துக்கும் இது பலிக்காது. ஃபிளாஷ் பட்டு மூன்று எண்களும் 255ஐத் தொட்டுவிட்ட இடத்தில் எந்த நிறமும் பதிவாகியிருக்காது, இறக்குவதால் திட்டுத்திட்டான சாயம்தான் வரும். வாட்ஸ்அப்பில் பலமுறை கைமாறிச் சுருங்கிய படத்திலும் கன்னத்தில் கட்டங்கட்டமாகத் தெரியும். அசல் கோப்பைக் கேட்டு வாங்குவதே வழி. இன்னொன்று, மஞ்சள் பூசிக் குளிக்கும் பெண்களின் முகத்தில் நீலம் இயல்பாகவே குறைவாக இருக்கும். அங்கே Blue வளைவைத் தொட வேண்டியதே இல்லை. மஞ்சள் காமாலை வந்தவர் என்றால் கண்ணின் வெள்ளையும் மஞ்சளித்திருக்கும். அது வேறு கணக்கு, அங்கே நீலத்தை ஏற்ற வேண்டும்.

நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் அதற்குப் பழகி, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கும். எழுந்துபோய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து, படத்தைச் சிறிதாக்கி, அடுக்கை அணைத்தும் போட்டும் பார்ப்பேன். போட்டவுடன் அம்மாவின் முகம் மற்றவர்களைத் தாண்டி முதலில் கண்ணில் பட்டால் அதிகமாகிவிட்டது. மாலையில் திரையைத் தானாக மஞ்சளாக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும். பெரிய பிரதி போடுவதற்கு முன் 4க்கு 6 அளவில் ஒன்றை அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பழைய படத்தோடு வைத்துப் பார்ப்பது வழக்கம். இந்தப் படம் தாளில் ஒரு இழை கூடுதலாகச் சிவந்து வந்தது. Opacity அளவை 100லிருந்து 80க்குக் குறைத்து, அதைத்தான் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன்.