ஆறு இலக்கத்துக்குப் பின்னால் இருக்கும் கதவு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அமேசானின் கிளவுடில், அதாவது ஏ.டபிள்யூ.எஸ்.ஸில், புதிதாக அக்கவுண்ட் திறந்திருந்தான். இமெயில், பாஸ்வேர்டு, கிரெடிட் கார்டு எல்லாம் கொடுத்தாகிவிட்டது. "மாமா, ஒரு சர்வர் போட்டு என் ஆப்பை ஏத்தணும், சொல்லிக் குடுங்க" என்றான். சர்வர் அப்புறம் ஆகட்டும், முதலில் நீ எந்தப் பெயரில் உள்ளே நுழைந்திருக்கிறாய் என்று பார் என்றேன்.

அக்கவுண்ட் திறந்த இமெயிலோடு உள்ளே போகிறவர்தான் ரூட் யூசர். மற்ற எந்த யூசரையும் இதைச் செய்யலாம், அதைச் செய்யக்கூடாது என்று கட்டுப்படுத்தலாம். தனி அக்கவுண்டில் ரூட்டை அப்படிக் கட்டுப்படுத்த வழியே இல்லை. சர்வரை அழிக்கலாம், பேக்கப்பை அழிக்கலாம், இமெயிலை மாற்றலாம், அக்கவுண்டையே மூடலாம்.

கிளவுடின் கட்டுப்பாட்டுத் திரை கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு கோட் ஸ்பேசஸ் நிறுவனத்தின் கதை இருக்கிறது. மென்பொருள் எழுதுபவர்களின் கோடைப் பாதுகாத்து வைத்த நிறுவனம் அது. 2014 ஜூனில் யாரோ அவர்களுடைய ஏ.டபிள்யூ.எஸ். திரைக்குள் புகுந்து பணம் கேட்டார்கள். நிறுவனம் அவசரமாகப் பாஸ்வேர்டுகளை மாற்றத் தொடங்கியது. ஆனால் புகுந்தவர் ஏற்கெனவே தனக்கு வேறு லாகின்களைச் செய்து வைத்திருந்தார். அவற்றின் வழியாக வந்து ஒவ்வொன்றாக அழித்தார். பேக்கப்புகளில் பெரும்பகுதியும் அதே அக்கவுண்டில்தான் இருந்தன. பன்னிரண்டு மணி நேரத்தில் அந்த நிறுவனம் தொழிலைத் தொடர முடியாத நிலைக்கு வந்துவிட்டது. பாஸ்வேர்டு திருடு போன பிறகு விழித்துக்கொண்டால் போதாது என்பதற்காகத்தான் இதை அவனுக்குச் சொன்னேன்.

வலது மேல் மூலையில் பெயரை அழுத்தி Security credentials பக்கத்துக்குப் போனோம். Assign MFA device என்ற பட்டன் இருந்தது. பாஸ்வேர்டோடு இரண்டாவதாக ஒரு சாட்சியும் கேட்கும் ஏற்பாடு இது. புது அக்கவுண்டுகளுக்கு ஏ.டபிள்யூ.எஸ். இப்போது இதைக் கட்டாயமாக்கிவிட்டது, 35 நாள்தான் அவகாசம் தருகிறது. அந்த 35 நாள் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

முதலில் போனில் இருக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பைச் சேர்த்தோம். திரையில் ஒரு கியூஆர் கோடு வரும். அதற்குள் ஒரு ரகசிய எண் இருக்கிறது. போன் அந்த ரகசியத்தையும் அந்த நேரத்துக் கடிகாரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒரு முறை ஆறு இலக்க எண்ணைக் காட்டுகிறது. அமேசானும் அதே கணக்கைப் போடுகிறது. அதனால் சிக்னல் இல்லாத இடத்திலும் போன் எண்ணைக் காட்டும். பதிவு செய்யும்போது அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கேட்கும். முதல் எண்ணைப் போட்டுவிட்டு, அது மாறும்வரை காத்திருந்து, அடுத்ததைப் போட வேண்டும். சரியாகப் போட்டும் ஏற்கவில்லை என்றால், பெரும்பாலும் போனின் மணி தள்ளிப்போயிருக்கும். நேரத்தைத் தானாக அமைத்துக்கொள்ளும்படி வைத்தால் சரியாகிவிடும்.

பையன் அந்த கியூஆர் கோடை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தப் படம் போட்டோக்களோடு கிடந்தால், அதைப் பார்க்கிற எவரும் அதே ஆறு இலக்கத்தை உருவாக்கிக்கொள்ளலாம்.

இந்த ஆறு இலக்கத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. அமேசானைப் போலவே ஒரு போலிப் பக்கத்தைக் காட்டி, நீங்கள் தட்டும் எண்ணை அந்த 30 விநாடிக்குள் உண்மையான பக்கத்தில் போட்டு ஒருவர் நுழைந்துவிடலாம். யூஎஸ்பியில் செருகும் செக்யூரிட்டி கீயும் பாஸ்கீயும் அப்படி ஏமாறாது. எந்த இணைய முகவரிக்காகப் பதிவு செய்தோமோ, அந்த முகவரிக்கு மட்டும்தான் அவை பதில் சொல்லும். ரூட்டில் எட்டு கருவிகள் வரை சேர்க்கலாம். என்னிடம் உபரியாக ஒரு செக்யூரிட்டி கீ இருந்தது. அதையும் சேர்த்து, இனி இதைத்தான் முதலில் பயன்படுத்து என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

ஒரே கருவியை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்று நானே பட்டிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினேன். ஆத்தென்டிகேட்டர் பழைய போனோடு போய்விட்டது. கருவி தொலைந்தால் உள்ளே வர ஏ.டபிள்யூ.எஸ். ஒரு மாற்று வழி வைத்திருக்கிறது. அக்கவுண்டின் இமெயிலுக்கு ஒரு கடிதம் வரும். அதை உறுதி செய்தால், பதிவு செய்த போன் நம்பருக்கு அழைப்பு வரும். நான் பதிவு செய்திருந்ததோ எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம். அதன் பிறகு உதவிப் பிரிவுக்கு எழுதி, நான்தான் நான் என்று நிரூபித்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த அனுபவத்தில்தான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. இமெயிலும் போன் நம்பரும் கையில் இருந்தால் நான் உள்ளே போகலாம் என்றால், அவற்றைக் கைப்பற்றுகிறவரும் போகலாம். ரூட்டுக்கு எத்தனை பூட்டு போட்டாலும், அந்த இமெயிலுக்கு வெறும் பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் பின்கதவு திறந்துதான் கிடக்கிறது. அக்கா மகன் கல்லூரி இமெயிலில் அக்கவுண்ட் திறந்திருந்தான். படிப்பு முடிந்ததும் அது இருக்குமா, போகுமா தெரியாது. அன்றைக்கே சொந்த இமெயிலுக்கு மாற்றி, அந்த இமெயிலுக்கும் இரண்டாம் சாட்சியைப் போட்டோம்.

பிறகு தினசரி வேலைக்கு நிர்வாகி உரிமையோடு தனியாக ஒரு யூசரைச் செய்து, அதற்கும் எம்எஃப்ஏ வைத்தோம். இங்கே பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. நிர்வாகியாக இருந்தாலும் அந்த யூசருக்கு பில் பக்கம் திறக்காது. ரூட்டாக ஒரு முறை நுழைந்து, Account பக்கத்தில் IAM user and role access to Billing information என்பதை இயக்கிவிட வேண்டும். இதைச் செய்யாதவர்கள் பில் பார்ப்பதற்காகவே மாதாமாதம் ரூட்டில் நுழைவார்கள், அதுவே பழக்கமாகிவிடும்.

புரோகிராமுக்குள் வைக்கும் ஆக்சஸ் கீயை ரூட்டின் பெயரில் உருவாக்கவே கூடாது. எம்எஃப்ஏ காவல் காப்பது லாகின் பக்கத்தை. கீ அந்தப் பக்கத்துக்கே வராமல் நேராக உள்ளே போகிறது. கோடோடு சேர்ந்து தெரியாத்தனமாக இணையத்தில் ஏறிவிட்டால், எடுத்தவர் உங்கள் கார்டில் பெரிய பெரிய சர்வர்களை ஓட்டுவார்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, புது யூசராக நுழைந்து கிளவுட்ஷெல்லில் இதை ஓட்டினோம்.

```
aws iam get-account-summary \
  --query 'SummaryMap.[AccountMFAEnabled,AccountAccessKeysPresent]'
```

முதலில் 1 வந்தால் ரூட்டுக்கு எம்எஃப்ஏ இருக்கிறது, இரண்டாவது 0 என்றால் ரூட்டின் பெயரில் ஆக்சஸ் கீ இல்லை. எங்களுக்கு 1, 0 என்றே வந்தது.

செக்யூரிட்டி கீயை அக்கா பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ரூட் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, வேறு அலமாரியில் வைத்தோம். பையன் காலண்டரில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு வேலையைக் குறித்துக்கொண்டான்: "கீயைச் செருகி ரூட்டில் ஒரு முறை நுழைந்து பார். பதிவில் இருக்கும் போன் நம்பர் இன்னும் என்னுடையதா என்று பார்." அதற்குக் கீழே, "போன் மாற்றுவதற்கு முன்னும்" என்று அவனே சேர்த்தான். சர்வர் போடும்போது ராத்திரி பத்து மணி தாண்டிவிட்டது.