அப்பார்ட்மென்ட் நோட்டீஸ் அடிக்கணுமா? கிழிச்சுக் கொடுக்கும் சீட்டுல இருக்கு மொத்த விஷயமும்!

அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்ல நீங்கதான் வயசுல சின்னவரா? அப்படின்னா இந்த வேலை என்னைக்காவது ஒருநாள் உங்க தலையில விழும். "தம்பி, நீதான் கம்ப்யூட்டர்ல கில்லாடியாச்சே, ஒரு நோட்டீஸ் டைப் பண்ணிக் கொடுத்துடேன். அடியில கிழிச்சுக் கொடுக்குற மாதிரி ஒரு சீட்டும் வேணும்" என்பார் செயலாளர் மாமா. ஸ்கூல் டூருக்கு அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்வாங்களே, அதே மாதிரி சீட்டு. பார்க்க ரொம்ப சுலபமான வேலைதான். ஆனா, பெரும்பாலான நோட்டீஸ்கள் கோட்டை விடுறது அந்த அடிச் சீட்டுலதான்.

ஒரு உதாரணத்தோடவே போகலாம். ஆறு மாடி, மாடிக்கு 8 வீடு, மொத்தம் 48 வீடுகள் இருக்கிற ஒரு கட்டடம். மொட்டைமாடி டேங்க்ல இருந்து இறங்குற பழைய இரும்பு பைப்புகள் துருப்பிடிச்சுப்போச்சு. அதை எடுத்துட்டு பிளாஸ்டிக் பைப் போடப் போறாங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. தண்ணி லைன் மேலிருந்து கீழாகத்தான் இறங்கும். 103, 203, 303, 403, 503, 603 இந்த ஆறு வீட்டுக்கும் ஒரே லைன். பிளம்பர் ஒரே நாள்ல ஆறு வீட்டு பாத்ரூமுக்குள்ளயும் போய் இணைப்பு கொடுத்து, ஒழுகுதான்னு பார்க்கணும். 503-ல பூட்டுத் தொங்கினா அந்த வீட்டு இணைப்பை மாத்த முடியாது. லைனைத் திறந்துவிட்டு ஒழுகலைப் பார்க்கவும் முடியாது. மத்த ஐந்து வீடும் ராத்திரி வரைக்கும் தண்ணி இல்லாம உட்காரணும். அதனால இந்த நோட்டீஸுக்கு '48 பேர்ல 40 பேர் பதில் சொல்லிட்டாங்க' என்பது பத்தாது. ஒவ்வொரு லைன்லயும் ஆறுக்கு ஆறு வந்தாகணும்.

முதல்ல சீட்டை எழுதுங்க

எல்லாரும் மேலே இருந்து டைப் பண்ண ஆரம்பிப்பாங்க. 'அன்பார்ந்த குடியிருப்போர்களுக்கு வணக்கம்'னு தொடங்கி பக்கம் நிறைஞ்சதும், மிச்சம் இருக்கிற ரெண்டு விரல் இடத்துல சீட்டைத் திணிப்பாங்க. நீங்க தலைகீழா செய்ங்க. பதில் கையில வந்ததும் நமக்கு என்ன தெரியணும்? அந்த நாள்ல கதவு திறக்குமா, யார் திறப்பாங்க? அவ்வளவுதான். அதுக்குத் தேவையானதை மட்டும் சீட்டுல வைங்க. இப்படி:

பைப் மாற்றும் வேலை: பதில் சீட்டு
3-வது லைன், ஆகஸ்ட் 14, வியாழன், காலை 9 முதல் மாலை 5 வரை
வீட்டு எண்: ______
ஒன்றை மட்டும் டிக் செய்யவும்
☐ 1. வீட்டில் ஆள் இருப்போம்.
☐ 2. நாங்கள் இருக்க மாட்டோம். வேறொருவர் வந்து திறப்பார். அவர் போன்: ____________
☐ 3. அன்று திறக்க இயலாது. செயலாளர் எங்களை அழைக்கவும்.
தண்ணீர் நிற்பதால் சிரமப்படும் நோயாளி, முதியவர், கைக்குழந்தை இருந்தால் குறிப்பிடவும்: ____________
பெயர், போன், கையெழுத்து: ____________
ஆகஸ்ட் 8, வெள்ளி இரவு 8 மணிக்குள் செக்யூரிட்டி மேசையில் உள்ள பூட்டிய பெட்டியில் போடவும்.

'சம்மதம் / சம்மதமில்லை'ன்னு கேட்கலை, கவனிச்சீங்களா? அப்படிக் கேட்டா 'சம்மதம்'னு டிக் பண்ணிட்டு அன்னைக்குக் கதவைப் பூட்டிட்டு ஊருக்குப் போறவங்க உண்டு. இந்த மூணு பதிலும் பிளம்பர் வாசல்ல வந்து நிக்கும்போது என்ன நடக்கும்கிறதைச் சொல்லுது. மூணாவது கட்டம் ரொம்ப முக்கியம். அது இல்லைன்னா, முடியாதவங்க சீட்டையே கொடுக்க மாட்டாங்க. கடைசி நாள்லதான் நமக்கு விஷயம் தெரியும்.

இன்னொண்ணு. 'செலவுக்கு வீட்டுக்கு இவ்வளவு கொடுக்க ஒப்புதலா?'ங்கிற கேள்வியை இதே சீட்டுல சேர்க்காதீங்க. கதவைத் திறக்கப்போறது வாடகைக்கு இருக்கிறவர். பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வேற ஊர்ல இருக்கிற ஓனர். ரெண்டையும் ஒண்ணா கேட்டா, 'ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்'னு சீட்டு ஃபிரிட்ஜ் மேலயே கிடக்கும்.

கிழிச்சுப் பார்க்கும் டெஸ்ட்

சீட்டைக் கிழிச்சதும் ஒரு பேப்பர் ரெண்டு பேப்பர் ஆயிடும். மேல் துண்டு வீட்டுல, கீழ்த் துண்டு பெட்டியில. ரெண்டும் இனிமே சந்திக்கவே போறதில்லை. அதனால ஒரு காப்பி எடுத்து நிஜமாவே கிழிங்க. ஒவ்வொரு துண்டையும் தனியா படிங்க.

மேல் துண்டுல வேலை நடக்கிற தேதி, தண்ணி நிற்கிற நேரம், தொடர்புக்கு போன் நம்பர் மூணும் இருக்கா? பல நோட்டீஸ்ல தேதியும் போன் நம்பரும் சீட்டுல மட்டும் இருக்கும். கிழிச்சுக் கொடுத்த மறுநாளே, 'ஏங்க, என்னைக்கு தண்ணி வராதுன்னு சொன்னாங்க?'ன்னு வீட்டுக்குள்ள கேள்வி வரும். கீழ்த் துண்டுல எந்த வேலை, எந்த லைன், எந்த வீடுன்னு இருக்கா? 'குமார்'னு கையெழுத்து மட்டும் போட்டு வந்தா, மூணு குமார்ல யாருன்னு தேடணும். வீட்டு எண்ணை நீங்களே முன்கூட்டி பேனாவால எழுதிடுங்க. 48 சீட்டுக்குப் பத்து நிமிஷம் ஆகும்.

பின்பக்கம் எதையும் அச்சடிக்காதீங்க. சீட்டுக்குப் பின்னால 'முன்னெச்சரிக்கைகள்'னு போட்டா, அதுவும் சேர்ந்து பெட்டிக்குள்ள போயிடும்.

அளவு

ஏ4 பேப்பரோட உயரம் 297 மில்லிமீட்டர். மூணா மடிச்சா ஒரு பங்கு 99. சீட்டுக்குக் கடைசி ஒரு பங்கைக் கொடுங்க. கிழிக்கும் கோடு அந்த மடிப்புலயே வர்ற மாதிரி வைங்க. மடிச்சு நகத்தால ஒரு தீட்டு தீட்டினா, கத்தரிக்கோல் இல்லாமலே நேரா கிழியும். கோட்டைப் புள்ளி புள்ளியா போட்டு, ஓரத்துல கத்தரிக்கோல் படம் வைங்க.

கையால எழுதுற வரிகளுக்கு நடுவுல 8 மில்லிமீட்டராவது இடைவெளி வேணும். கையெழுத்துக்கு அதைவிடக் கூடுதல் இடம் விடுங்க. நாலு பக்கமும் 15 மில்லிமீட்டர் ஓரம் விடுங்க. பிரின்டர்கள் பேப்பரோட விளிம்பு வரை அச்சடிக்காது. கையெழுத்துக் கோட்டை விளிம்புல வச்சா அது காணாமப் போயிடும். பிரின்ட் எடுக்கும்போது "Actual size" தேர்ந்தெடுங்க. "Fit"னு விட்டா பக்கம் சுருங்கி, கோடு மடிப்பை விட்டு நகரலாம்.

மேல் பகுதிக்கு ரெண்டு பங்கு இடம் மிஞ்சும். அதுல சுமார் 120 வார்த்தைக்கு மேல போகாதீங்க. ஏன் மாத்தறோம்னு ரெண்டு வரி, எந்த நாள், எத்தனை மணி நேரம், முதல் நாள் ராத்திரி எவ்வளவு தண்ணி பிடிச்சு வைக்கணும், யாரைக் கூப்பிடணும். இது போதும்.

எட்டு லைனுக்கும் ஒரே அட்டவணை போட ஆசை வரும். வேண்டாம். 503-ல இருக்கிற பாட்டிக்கு மத்த ஏழு தேதியும் குழப்பம்தான். தேதியையும் லைன் எண்ணையும் மட்டும் மாத்தி எட்டு பிடிஎஃப் போடுங்க, ஒவ்வொண்ணுலயும் ஆறு காப்பி. அவங்கவங்க தேதி பெருசா, ஒண்ணே ஒண்ணு.

ஏன் பிடிஎஃப்?

வேர்டு ஃபைலை அப்படியே வாட்ஸ்அப்ல அனுப்பினா, உங்க தமிழ் எழுத்துரு அடுத்தவங்க போன்ல இருக்காது. வேற எழுத்துரு வந்து உட்காரும், வரிகள் நகரும், சீட்டு ரெண்டாம் பக்கத்துக்கு ஓடிடும். பழைய யூனிகோடு அல்லாத எழுத்துருன்னா வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு யூனிகோடு எழுத்துருவுல டைப் பண்ணி பிடிஎஃப் ஆக்கினா, எழுத்து ஃபைலுக்குள்ளயே பதிஞ்சுடும். அனுப்புறதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் போன்ல திறந்து பார்த்துடுங்க.

போன்ல இன்னொரு சங்கதி. ஏ4 அகலம் 210 மில்லிமீட்டர், போன் திரை கிட்டத்தட்ட அதுல மூணுல ஒரு பங்கு. பேப்பர்ல 12 பாயின்ட் எழுத்து திரையில 4 பாயின்ட் மாதிரி தெரியும். அதனால தேதி, நேரம், கடைசி நாள் மூணையும் 24 பாயின்ட்ல உச்சியில வைங்க. பெரிதாக்காமலே படிக்க முடியும். கலர், சாம்பல் நிறப் பின்னணி எல்லாம் வேண்டாம். ஜெராக்ஸ்ல அது புள்ளி புள்ளியா வந்து எழுத்தை விழுங்கிடும்.

போன்ல பார்க்கிறவங்களால கிழிக்க முடியாதே? அதுக்குத்தான் பதில்களுக்கு 1, 2, 3னு எண் கொடுத்திருக்கோம். '503 - 2'னு செயலாளருக்குத் தனியா மெசேஜ் போட்டாலே போதும்.

தனியா! குரூப்ல இல்ல!

இதை நோட்டீஸ்லயே ஒரு வரி எழுதிடுங்க. '14-ம் தேதி நாங்க ஊர்ல இல்ல, சாவி எதிர்வீட்டுல இருக்கு'ன்னு நூறு பேர் இருக்கிற குரூப்ல போடுறது, திருடனுக்கு அழைப்பிதழ் அடிக்கிற மாதிரி. அதே காரணத்துக்காகத்தான் செக்யூரிட்டி மேசையில திறந்த தட்டு வைக்காம பூட்டிய பெட்டி வைக்கச் சொன்னோம். வேலை முடிஞ்சதும் சீட்டுகளைக் கிழிச்சுப் போட்டுடணும்.

பதில் வரலைன்னா?

'பதில் தராதவர்கள் சம்மதித்ததாகக் கருதப்படும்'னு சிலர் கடைசி வரியா போடுவாங்க. கருதினா மட்டும் கதவு திறந்துடாது. ஆள் இல்லாத வீட்டுக்குள்ள யாரையும் அனுப்பவும் முடியாது. அதுக்குப் பதிலா நாட்களைக் கணக்குப் போடுங்க. ஆகஸ்ட் 12-ல முதல் லைன் வேலைன்னா, 1-ம் தேதி நோட்டீஸ், 8-ம் தேதி கடைசி நாள். நடுவுல 9, 10, 11 மூணு நாள் கையில இருக்கு. 48 கட்டம் போட்ட ஒரு பேப்பர்ல வந்த சீட்டுக்கெல்லாம் டிக் போடுங்க. காலியா இருக்கிற கட்டத்துக்கும், '3' டிக் பண்ணினவங்களுக்கும் முதல் லைன்ல இருந்து வரிசையா போன் போடுங்க.

ஒரு லைன்ல ஆறு டிக் விழலைன்னா, பிளம்பருக்கு முதல் நாள் சாயங்காலமே சொல்லி, ஆறும் முழுசா வந்த இன்னொரு லைனை முன்னாடி கொண்டுவரலாமான்னு அந்த ஆறு வீட்டையும் கேளுங்க. அவங்க சரின்னு சொன்னா மாத்துங்க. அப்படி மாத்தினா புதுத் தேதி போட்ட பிடிஎஃப் ரெண்டு லைனுக்கும் மறுபடி போகணும். ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற பழைய நோட்டீஸ் இன்னமும் பழைய தேதியைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கும்.