மட்டுக் குறி இருந்தால் மூலை உண்டா?

|x| என்ற சார்புக்கு x = 0-இல் வகைக்கெழு கிடையாது என்பது பள்ளிப் பாடம். இதை மனப்பாடம் செய்தவர்கள், மட்டுக் குறி கண்ணில் பட்டதுமே ‘வகையிட முடியாது’ என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். பாவம், குறி என்ன செய்யும்? அதற்குள்ளே என்ன இருக்கிறது, வெளியே எதனோடு சேர்ந்திருக்கிறது என்பதல்லவா விஷயம்!

பூஜ்ஜியத்திலிருந்து h தூரம் நகர்ந்து, சார்பு எவ்வளவு மாறியது என்று பார்த்து, அந்த மாற்றத்தை h-ஆல் வகுப்போம். h சுருங்கச் சுருங்க இந்த விகிதம் எந்த எண்ணை நெருங்குகிறதோ அதுதான் சாய்வு. வலப்பக்கமும் இடப்பக்கமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்; இரண்டும் ஒரே எண்ணில் போய் முடிந்தால்தான் வகைக்கெழு உண்டு.

|x|-க்கு வலப்பக்கம் எப்போதும் 1, இடப்பக்கம் எப்போதும் -1. வரைபடத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அதே V வடிவம்தான். இது மூலை.

இப்போது |x|-க்கு வர்க்கமூலம் எடுங்கள். h = 0.01 என்றால் மதிப்பு 0.1, விகிதம் 10. h = 0.0001 என்றால் மதிப்பு 0.01, விகிதம் 100. இடப்பக்கம் போனால் -10, -100. எந்த எண்ணிலும் நிற்காமல் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் ஓடுகிறது. படத்தைப் பெரிதாக்கினால் இரு கைகளும் மேலும் மேலும் செங்குத்தாகி ஒன்றையொன்று நெருங்கும். இது கூர்முனை. காகிதத்தில் பார்த்தால் மூலைபோலவே தெரியும். கண்ணை நம்பாமல் விகிதத்தைப் போட்டுப் பார்ப்பதே நல்லது.

மூன்றாவதாக x|x|. விகிதம் h|h|/h, அதாவது |h|. இரு பக்கமும் பூஜ்ஜியத்துக்கே போகிறது. மட்டுக் குறி இருந்தும் வகைக்கெழு 0!

துண்டு துண்டாகத் தந்த சார்புகளில் வேறொரு பொறி உண்டு. x ≤ 1 வரை x², அதற்கு மேல் 2x + 1 என்று வைப்போம். இரண்டையும் வகையிட்டு x = 1 போட்டால் 2, 2. சரிதானே என்று தோன்றும். ஆனால் முதல் துண்டு முடியும் உயரம் 1. இரண்டாவது தொடங்குவதோ 3-இலிருந்து. ஒட்டாத இடத்தில் சாய்வு ஏது? 1-இலிருந்து விகிதம் போட்டால் வலப்பக்கம் (2 + 2h)/h, முடிவிலிக்குப் பறக்கிறது. முதலில் உயரம் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாய்வுக்கு வர வேண்டும். 2x - 1 என்று மாற்றினால் இரண்டும் பொருந்தும்.

சாய்வு முடிவிலிக்குப் போனாலே கூர்முனை என்றும் சொல்லிவிட முடியாது. x-இன் கனமூலத்தில் h = 0.001-க்கும் -0.001-க்கும் விகிதம் 100-தான். இரு பக்கமும் ஒரே திசையில் ஏறுவதால் கோடு மடங்காமல் செங்குத்தாகக் கடந்து போகிறது. அங்கும் வகைக்கெழு இல்லை. ஆனால் முனையும் இல்லை.