மூன்றாவது பில்லில் 7,49,000 ரூபாய் எப்படி வந்தது?

அடுக்குமாடிக் கட்டடத்தில் டைல்ஸ் ஒட்டும் சப்-கான்ட்ராக்டர், 30,000 சதுர அடியும் முடியட்டும் என்று காத்திருந்தால் கூலிக்குக்கூடக் கையில் காசு இருக்காது. அதனால் மாதம் ஒருமுறை, முடிந்த வேலைக்கு மெயின் கான்ட்ராக்டரிடம் பில் போடுகிறார். தமிழ்நாட்டு சைட்டுகளில் இதை ஆர்.ஏ. பில் என்பார்கள்.

இந்த பில்லில் புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த மாதம் செய்த வேலையை மட்டும் எழுதிக் கேட்பதல்ல இது. வேலை தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை செய்த அத்தனையையும் எழுதி, அதிலிருந்து போன பில் வரைக்குமான தொகையைக் கழிக்க வேண்டும். மீதிதான் இந்த மாதம் வரவேண்டியது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். டைல்ஸும் கூலியும் சேர்த்துத் தரைக்குச் சதுர அடி 110 ரூபாய், சுவரோர ஸ்கர்டிங்குக்கு ஓர் அடி நீளத்துக்கு 40 ரூபாய் என்று ஒப்பந்தம். மூன்றாவது பில் போடும் நாளில் தரை 18,000 சதுர அடி முடிந்திருக்கிறது. ஸ்கர்டிங் 6,000 அடி. தரைக்கு 19,80,000, ஸ்கர்டிங்குக்கு 2,40,000. ஆக, அளந்த வேலையின் மதிப்பு 22,20,000 ரூபாய்.

அந்த 18,000 என்ற எண்ணை பில்லிங் இன்ஜினியர் அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடமாட்டார். அதன் பின்னால் அறை அறையாக எழுதிய அளவுத் தாள் இருக்க வேண்டும்: எந்த மாடி, எந்த வீடு, எந்த அறை, நீளம், அகலம், பரப்பு. ஒரு படுக்கையறையைப் பார்க்கலாம். வரைபடத்தில் அது 12 அடி 4 அங்குலத்துக்கு 10 அடி 7 அங்குலம். ஆனால் அது செங்கல் முகத்திலிருந்து செங்கல் முகம் வரையான அளவு. இரண்டு பக்கமும் அரை அங்குலம் பூச்சு ஏறியபின் டேப் வைத்தால் 12 அடி 3 அங்குலத்துக்கு 10 அடி 6 அங்குலம்தான் வரும். வரைபடக் கணக்கில் 130.5 சதுர அடி; உண்மையில் 128.6. ஓர் அறைக்கு இரண்டு சதுர அடிதானே என்று தோன்றும். இதே அளவில் நூறு அறை என்றால் ஏறக்குறைய 20,000 ரூபாய் கூடிவிடும். இன்ஜினியர் இரண்டு அறையை அளந்து பார்த்து இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால், மற்ற அறைகளின் அளவையும் நம்பமாட்டார்.

“அண்ணே, டிராயிங்கப் பாத்து எழுதாதீங்க. நம்ம பையனையும் கூட்டிட்டுப் போய் டேப் வச்சு எழுதுங்க, ரெண்டு பேரும் அங்கேயே கையெழுத்துப் போட்டுருங்க” என்று விவரமான இன்ஜினியர்கள் முதல் மாதமே சொல்லிவிடுவார்கள். சேர்ந்து அளந்த தாளில் பின்னால் தகராறு வருவது அரிது. ஸ்கர்டிங்கிலும் இதே கவனம் வேண்டும். அந்த அறையின் சுற்றளவு 45½ அடி. மூன்றடி வாசற்கதவையும் இரண்டரை அடி குளியலறைக் கதவையும் கழித்தால் 40 அடிக்குத்தான் பணம்.

அடுத்தது, சைட்டில் இறக்கி வைத்து இன்னும் ஒட்டாத சரக்கு. நம் உதாரணத்தில் 400 பெட்டி, பெட்டி 900 ரூபாய் வீதம் 3,60,000 ரூபாய். இந்த ஒப்பந்தம் அதில் 75 சதவீதம் வரை முன்கூட்டித் தர ஒத்துக்கொள்கிறது, அதாவது 2,70,000. இதற்குக் கொள்முதல் பில், கேட்டில் உள்வரவு முத்திரை குத்திய டெலிவரி சலான், இருவரும் எண்ணிக் கையெழுத்திட்ட இருப்புப் பட்டியல், அடுக்கி வைத்த பெட்டிகளின் தேதியிட்ட புகைப்படம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். டைல்ஸ் கடைக்குப் பணம் கொடுத்த ரசீதையும் சில நிறுவனங்கள் கேட்கும். காரணம் இருக்கிறது: கடைக்காரருக்குப் பாக்கி வைத்திருந்தால், அவர் வந்து சரக்கு என்னுடையது என்று உரிமை கொண்டாடலாம்.

இந்தத் தொகை பில்லுக்கு பில் கூட்டிக்கொண்டே போவதல்ல. அந்த 400 பெட்டியும் அடுத்த மாதம் தரையில் ஒட்டப்பட்டால், வேலையின் அளவில் ஏறி, சரக்குக் கணக்கிலிருந்து இறங்கிவிட வேண்டும். இறக்க மறந்தால் ஒரே டைல்ஸுக்கு இரண்டு முறை பணம் கேட்டதாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரண்டடிச் சதுர டைல்ஸ் பெட்டி ஒன்றில் நான்கு இருக்கும். மில்லிமீட்டர் கணக்கில் அது 15.5 சதுர அடி. சலான்களைக் கூட்டினால் இதுவரை வந்தது 1,740 பெட்டி என்று வைத்துக்கொள்வோம். இருப்பு 400 போக, செலவானது 1,340. தரை 18,000 சதுர அடி, நாலங்குல ஸ்கர்டிங் 6,000 அடிக்கு 2,000 சதுர அடி, ஆக 20,000. இதற்குத் தேவை சுமார் 1,290 பெட்டி. மீதி 50 பெட்டி வெட்டிலும் உடைசலிலும் போயிருக்கிறது. நான்கு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, நம்பக்கூடிய அளவு. சேதாரமே இல்லை என்று கணக்கு காட்டினால், ஒன்று ஒட்டியதைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள், இல்லை இருப்பைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது, ரிடென்ஷன். வேலையில் குறை வந்தால் சரிசெய்யப் பிடித்து வைக்கும் பணம் இது. இங்கே வேலை மதிப்பில் 5 சதவீதம், அதாவது 1,11,000 ரூபாய். சரக்குத் தொகையிலும் பிடிப்பதா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் பிடிப்பதில்லை. பாதியை வேலை முடிந்ததும், மீதியைக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்ததும் தருவது பரவலான வழக்கம். ஆனால் இந்தப் பணம் பெரும்பாலும் தனிக் கணக்கில் கிடப்பதில்லை. மெயின் கான்ட்ராக்டரின் புழக்கத்திலேயே இருக்கும். 2018 ஜனவரியில் பிரிட்டனின் கரில்லியன் நிறுவனம் திவாலானபோது, அதனிடம் ரிடென்ஷன் வைத்திருந்த சப்-கான்ட்ராக்டர்கள் கடன்காரர்களோடு கடன்காரர்களாக வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. இங்கே சில ஒப்பந்தங்கள் ரிடென்ஷனுக்குப் பதிலாக வங்கி உத்தரவாதம் கொடுக்க இடம் தருகின்றன.

இனி முகப்புத் தாள். வேலை 22,20,000, சரக்கு 2,70,000, கூட்டினால் 24,90,000. ரிடென்ஷன் 1,11,000 போக 23,79,000. போன பில்லில் வேலை 14,00,000, சரக்கு 3,00,000, ரிடென்ஷன் 70,000, நிகரம் 16,30,000. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 7,49,000 ரூபாய். ஜி.எஸ்.டி.யும் டி.டி.எஸ்.ஸும் இதற்குக் கீழே தனி வரிகளில் வரும்.

ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலையை இந்த வரிகளோடு கலந்துவிடாமல், அதற்கான எழுத்துமூல உத்தரவை இணைத்துத் தனித் தாளில் கேட்பது நல்லது. அந்த ஒரு விஷயத்தில் பேச்சு இழுத்தாலும் மற்றவற்றுக்குப் பணம் நிற்காது.

இன்ஜினியர் 18,000-ஐ வெட்டி 17,600 என்று எழுதினால், எந்த வீடு, எந்த அறை, ஏன் என்று எழுதி வாங்க வேண்டும். சில அறைகளில் டைல்ஸைத் தட்டிப் பார்த்து, அடியில் கலவை நிரம்பாமல் ‘டொப்’ என்று ஒலித்ததால் நிறுத்தி வைத்திருக்கலாம். அவற்றைப் பெயர்த்து மறுபடி ஒட்டியதும், ஆரம்பத்திலிருந்து கூட்டும் கணக்கு என்பதால் அந்த 400 சதுர அடி நான்காவது பில்லில் தானாக உள்ளே வந்துவிடும். இதுவே எதிர்ப்பக்கமும் பொருந்தும்: மூன்றாவது பில்லில் ஒப்புக்கொண்ட அளவில் தவறு தெரிந்தால், இன்ஜினியர் அதை நான்காவதில் குறைத்துக்கொள்ளலாம். இடைக்கால பில்லில் எந்த அளவும் முடிவானதல்ல. இறுதி பில் கையெழுத்தாகும்வரை அளவுத் தாள்களையும் சலான்களையும் பத்திரப்படுத்தி வைப்பது அதனால்தான்.