அம்மா சொன்னதைத் திரையிலும் எழுத வேண்டுமா?

எங்கள் அயலில் இருக்கும் ஓர் அம்மா தன் இடப்பெயர்வுக் கதையைச் சொல்ல, அதைக் கைத்தொலைபேசியில் ஒளிப்பதிவு செய்தோம். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக அவவின் மகள் கேட்டது. எல்லாமாக ஏழு நிமிடம். கோப்பாயில் அவவின் வீட்டு விறாந்தையில் இருந்து எடுத்தது.

"அண்டைக்கு மழையெண்டால் மழை. பிள்ளையள் தண்ணி தண்ணி எண்டு அழுதுதுகள். குடையைக் கவிட்டுப் பிடிச்சு, அதில விழுந்த மழைத் தண்ணியைத்தான் பருக்கினன்" என்று சொல்லும்போது, இரண்டு கைகளாலும் குடையைப் பிடித்துக் காட்டுவா. முழுப் படத்திலும் எனக்குப் பிடித்த இடம் அது.

நான் அந்த வசனத்தை அப்படியே திரையின் கீழே எழுதிவிட்டேன். ஏழு நிமிடமும் அவ பேசியது முழுவதையும் எழுதினேன். இரண்டு இரவு வேலை. பிறகு என் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். "அம்மம்மா கையால என்ன செய்து காட்டினவா?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. எழுத்தை வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விதான் எனக்கு உறைத்தது: "இது எந்த வருசம் அம்மா நடந்தது?"

உண்மைதான். ஏழு நிமிடத்தில் ஓர் இடத்திலும் ஆண்டு இல்லை. "அண்டைக்கு" என்றால் எங்கள் வயதுக்காரருக்குப் போதும். பேரப்பிள்ளைக்கு அது எந்த நாள்?

நாங்கள் எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் விடமாட்டோம். வாசிக்கிற கண்ணால் அதே நேரம் கையையும் முகத்தையும் பார்க்க முடியாது. காதில் விழுவதும் வாசிப்பதும் ஒன்றாக இருந்தால், இரண்டும் சரியா என்று மனம் ஒப்பிட்டுப் பார்ப்பதிலும் களைத்துப் போகும். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தோரும் 2001இல் இதைச் சோதித்து எழுதினார்கள். மின்னல் எப்படி உண்டாகிறது என்று ஒரு அசையும் படத்தைக் குரல் விளக்கத்துடன் காட்டினார்கள். அந்தக் குரலையே எழுத்திலும் சேர்த்துப் பார்த்த மாணவர்கள், எழுத்தில்லாமல் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே விளங்கியிருந்தார்கள்.

ஆகவே எல்லா எழுத்தையும் அழித்தேன். அம்மா சொல்லாதது எது, படத்திலும் தெரியாதது எது என்று பார்த்து அதை மட்டும் எழுதினேன். அவ பேசத் தொடங்குமுன் "1995 ஒக்ரோபர் 30, வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு" என்று ஒரு வரி. வாய்க்குள் ஆறுதலாக இரண்டு தரம் வாசிக்கும் நேரம் நின்று மறையும். குடை வரும் இடத்தில் ஒன்றுமே இல்லை. "திரும்பி வந்தம்" என்னும்போது "1996" என்று மட்டும். அதுவும் அவவின் கைகளை மறைக்காமல் ஓர் ஓரத்தில்.

இதில் ஒரு பிழையும் விட்டேன். "செம்மணி வழியாக" என்று நானாகவே எழுதினேன். அன்று கனபேர் அந்த வழியால் நாவற்குழிக்குப் போனது எனக்குத் தெரியும். அம்மா பார்த்துவிட்டு, "நாங்கள் கைதடி றோட்டாலயெல்லோ போனனாங்கள்" என்றா. வாயால் தவறிச் சொன்னால் கேட்பவர் ஞாபகப் பிசகு என்று விடுவார். திரையில் எழுதினால் அதுதான் வரலாறு என்று நம்புவார். அன்று முதல் நான் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லையும் சொன்னவருக்கே வாசித்துக் காட்டுகிறேன்.

பேசுவதை முழுவதுமாக எழுத வேண்டிய இடமும் உண்டு. காது கேளாதவருக்கும் தமிழ் தெரியாதவருக்கும் அது வேண்டும். காற்று இரைச்சலில் குரல் கேட்காத இடத்திலும் எழுதத்தான் வேண்டும். பேரப்பிள்ளைகளில் ஒருவருக்குத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் ஓரளவு விளங்கும். அவருக்காக ஆங்கில வரிகள் போட்ட இன்னொரு பிரதி செய்தோம். ஒரே பிரதியில் இரண்டையும் திணிக்கவில்லை.

படத்தின் கடைசிக்குக் கிட்ட, மூத்த மகனின் பெயரைச் சொல்லிவிட்டு அம்மா பேசாமல் இருப்பா. பதினொரு வினாடி. பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காதே என்று, அவருக்கு என்ன நடந்தது, எந்த ஆண்டு என்று ஒரு வரி எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். சொல்லாத தகவல்தானே, என் கணக்குப்படி எழுத வேண்டியதுதான்.

அம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்தா.

"இதை எழுதாதை பிள்ளை. அவையள் என்னட்டைக் கேக்கட்டும்" என்றா.

அந்தப் பதினொரு வினாடியில் இப்போது எழுத்தில்லை.