“அப்படியே இதையும்…”

கோவையில் வீட்டிலிருந்தே லேபிள் டிசைன் செய்யும் தோழி ஒருவர், முடிந்துபோன ஒரு வேலையின் வாட்ஸ்அப் உரையாடலை என்னிடம் காட்டினார். வாடிக்கையாளர் மசாலாப் பொடி விற்பவர். பேசிய வேலை, ஒரு லோகோவும் சாம்பார், ரசம், மிளகாய்ப் பொடிகளின் 200 கிராம் பாக்கெட்டுக்கு மூன்று லேபிள்களும். திருத்தம் இரண்டு முறை. தொகை 18,000 ரூபாய். முப்பது மணி நேரத்தில் முடியும் என்று கணக்குப் போட்டிருந்தார், அதாவது மணிக்கு 600 ரூபாய்.

லேபிள்கள் மூன்றும் போன அன்றே, “ஓகே மேடம், சூப்பர்” என்று பதில் வந்திருக்கிறது. உரையாடலில் முதலில் தேட வேண்டியது இந்த வரியைத்தான். அதற்கு முன்னால் கேட்டதெல்லாம் திருத்தம். அதற்குப் பின்னால் கேட்பதை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். தோழி அப்படிப் பார்க்கவில்லை.

மறுநாளே ஒரு செய்தி. “அப்படியே டிபி வைக்க லோகோவை ரவுண்டா ஒண்ணு குடுங்க.” கால் மணி நேர வேலை, செய்துவிட்டார். நாலு நாள் கழித்து, “கண்காட்சில ஸ்டால் போடறோம், சின்னதா ஒரு பேனர்.” இரண்டே முக்கால் மணி நேரம். பிறகு குரூப்பில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். “மச்சான் பார்த்தாரு, சிவப்பு கொஞ்சம் அடிக்குதாம்.” ஓகே ஆன மூன்று லேபிளும் மறுபடி திறந்தன, இரண்டு மணி நேரம் போனது.

கடைசியில் வந்ததுதான் பெரிய அடி. “அதே டிசைன்தானே மேடம், 100 கிராமுக்கும் 500 கிராமுக்கும் சைஸ் மட்டும் மாத்திக் குடுங்க.” படிக்க ஒரு வரி. ஆனால் மூன்று பொடி, இரண்டு அளவு, ஆக ஆறு புதிய ஃபைல். பாக்கெட்டின் மடிப்பும் ஒட்டும் இடமும் அளவுக்கு அளவு மாறும். சிறிய பாக்கெட்டின் பின்பக்கத்தில் சேர்பொருள், நிகர எடை, விலை, 14 இலக்க FSSAI உரிம எண் எல்லாம் படிக்கும்படி அடங்க வேண்டும், எழுத்தை இஷ்டத்துக்குச் சுருக்க முடியாது. ஒன்றுக்கு ஒன்றரை மணி வீதம் ஒன்பது மணி நேரம்.

எல்லாம் சேர்த்து 14 மணி நேரம். முப்பது மணி வேலை 44 மணி ஆனதில், 600 ரூபாய்க் கூலி ஏறக்குறைய 409-க்கு இறங்கிவிட்டது. வாடிக்கையாளர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கண்ணில் அது ஒரு வரிதான், அதற்குப் பின்னால் ஆறு ஃபைல் இருப்பதைச் சொன்னவர் யாருமில்லை.

“அப்படியே”, “சின்னதா”, “மட்டும்”, “அதேதானே” என்ற சொற்கள் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளலாம். ஆனால் சொல்லை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. இதைச் செய்தால் கையில் புதிதாக ஒரு ஃபைல் மிஞ்சுமா என்று கேட்டுப் பார்ப்பதே நிச்சயமான வழி. மிஞ்சினால் அது புது வேலை. பழைய ஃபைலே மாறினால், அது ஓகே ஆனதா, ஆகாததா என்று பார்க்க வேண்டும். நம் எழுத்துப்பிழை என்றால் எப்போது சொன்னாலும் நாம்தான் திருத்த வேண்டும். உரிம எண்ணை அவரே தர மறந்து பிறகு அனுப்பினால்? தவறு அவருடையதுதான், ஆனாலும் பத்து நிமிட வேலைக்குப் பில் போடுவது அழகல்ல. மிச்சமிருக்கும் திருத்தத்தில் அதைச் சேர்த்துவிடலாம்.

நீண்ட உரையாடலை விரலால் தள்ளித் தள்ளிப் படித்தால் எதுவும் பிடிபடாது. வாட்ஸ்அப்பில் `Export chat` கொடுத்தால் தேதி, நேரத்தோடு மொத்தமும் ஒரே கோப்பாக வந்துவிடும். “ஓகே” வரியிலிருந்து கீழே போய், ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே எடுத்த நேரத்தைக் குறித்தால் போதும். குரல் செய்தியும் போன் பேச்சும்தான் அதில் நழுவிவிடும். பேசி முடித்ததுமே, “இப்போது பேசியபடி, 100 கிராமுக்கு மூன்று லேபிள்” என்று ஒரு வரி போட்டுவைப்பது பின்னால் உதவும்.

இலவசமாகச் செய்ய மனம் வந்தால் செய்யலாம்தான். ஆனால் பில்லில் பேனர் என்று எழுதி, தொகையைப் போட்டு, கீழேயே கழித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை அது வழக்கமாகிவிடும்.

அதே வாடிக்கையாளர் சில மாதம் கழித்து மாங்காய், எலுமிச்சை, பூண்டு ஊறுகாய் பாட்டில்களுக்கு லேபிள் கேட்டு வந்தார். வேலை முடியும் நேரத்தில், “அப்படியே ஒரு கிலோ டப்பாவுக்கும் போட்டுடுங்க மேடம்” என்றார். “செய்துடலாம் சார். அளவு மாறுவதால் லேபிளுக்கு 900, மூன்றுக்கும் 2,700 ஆகும். வெள்ளிக்கிழமை தரட்டுமா?” என்று தோழி எழுதினார். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

“மாங்காய்க்கு மட்டும் போதும் மேடம். மத்ததை யாரும் கிலோ கணக்குல வாங்கறதில்ல.”