கூரையில் ஏறும் பெயர்

சோலார் நிறுவனம் தொடங்குகிறவருக்கு முதலில் தோன்றும் பெயர் சூர்யாதான். சிக்கலும் அதில்தான். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் வேண்டுமென்றால், பதிவுபெற்ற நிறுவனங்களின் பட்டியலில் உங்கள் பெயரை வீட்டுக்காரர் தேடியாக வேண்டும். அங்கே அது ஆங்கில எழுத்தில் இருக்கும். Surya, Suriya, Sooriya என ஒரே பெயர் மூன்று விதமாக வந்தால், அவர் வேறு ஆளைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

அரசுத் திட்டத்தின் சாயலில் பெயர் வைப்பது இன்னும் மோசம். அரசின் ஆதரவு இருப்பதுபோலக் காட்டும் பெயர்களை 1950-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஏமாந்த அனுபவம் உள்ள விவசாயியோ அப்படிப்பட்ட பெயரைக் கண்டாலே ஒதுங்குவார்.

'அவிநாசி கூரை சோலார்' என்று வைத்துக்கொள்வோம். கவர்ச்சி இல்லைதான்; ஆனால் கடை எந்த ஊரில், என்ன வேலை என்பது புரிகிறது. ஊர்ப்பெயரும் தொழில்பெயரும் மட்டும் இருந்தால் வணிகச்சின்னப் பதிவு கிடைப்பது கடினம். முன்னால் தனித்த ஒரு சொல்லைச் சேர்த்தால் வழி பிறக்கும்.

திட்டத்தின்படி நிறுவியவரே ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும். அதனால் பலகை, பில், ஜிஎஸ்டி, வங்கிக்கணக்கு எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருக்கட்டும். முன்பணம் வேறொரு பெயருக்குப் போகச் சொன்னால், வீட்டுக்காரர் அங்கேயே நிறுத்திக் கேட்கலாம்.